பின்தங்கும் மாணவனின் வீடு, பள்ளி, தெரு: ப்ரான்ஃபென்ப்ரென்னர் சொன்னதை வகுப்பறையில் பயன்படுத்துவது எப்படி

பி.எட். படித்தவர்களுக்கு அந்தப் படம் நினைவிருக்கும். நடுவில் ஒரு குழந்தை, சுற்றிலும் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், அவற்றின் மேல் மைக்ரோ, மீசோ, எக்ஸோ, மேக்ரோ என்று எழுதியிருக்கும். தேர்வுக்கு வரைந்துவிட்டு மறந்துவிடுவோம். பிறகு வேலைக்கு வந்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, "வீட்ல கவனிக்கிறதே இல்ல சார், நாம என்ன பண்றது" என்று பேசிக்கொண்டிருப்போம்.

அந்தப் படத்துக்குச் சொந்தக்காரர் யூரி ப்ரான்ஃபென்ப்ரென்னர். 1917இல் மாஸ்கோவில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா போனவர், கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஏழைக் குழந்தைகளுக்காக 1965இல் அமெரிக்க அரசு தொடங்கிய 'ஹெட் ஸ்டார்ட்' திட்டத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர். 1979இல் அவர் முன்வைத்த கருத்தின் சாரம் இதுதான்: குழந்தையின் வளர்ச்சியை அறிய குழந்தையை மட்டும் சோதித்தால் போதாது, அது வாழும் இடங்களையும் அந்த இடங்களுக்கு இடையே உள்ள தொடர்புகளையும் பார்க்க வேண்டும். இதில் பலரும் கோட்டைவிடுவது இரண்டாம் பாதியை. வீடு எப்படி, பள்ளி எப்படி என்று தனித்தனியாக எழுதிவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை எழுதுவதில்லை. ஒரு வகுப்பாசிரியரின் கைக்கு எட்டுவது பெரும்பாலும் அந்த நடுப்பகுதிதான்.

ஒரே ஒரு பையனை வைத்து முழுதாகப் பார்த்துவிடலாம். கவின் என்று பெயர் வைத்துக்கொள்வோம். திருப்பூர்ப் பள்ளிகளில் காணக்கூடிய பல பிள்ளைகளைச் சேர்த்து உருவாக்கிய பையன் இவன். 2025-26இல் ஆறாம் வகுப்பு. ஒன்று முதல் எட்டு வரை உள்ள அரசு நடுநிலைப் பள்ளி. அப்பா பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லர், அம்மா செக்கிங். தேனிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், லைன் வீட்டில் ஒரு அறையில் வாடகை. நாலு வயதில் ஒரு தங்கை. வகுப்பாசிரியையின் புகார்: "அடிக்கடி லீவு, வந்தாலும் தூங்கி வழியறான், கணக்கு சுத்தமா வரல."

முதல் படி: புகாரை உடைத்துப் பாருங்கள்

"படிப்பு ஏறவில்லை" என்பதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எதைச் செய்கிறான், எதைச் செய்யவில்லை, எந்த நாளில், எந்த நேரத்தில் என்று பிரிக்க வேண்டும். இதற்கு இரண்டு கருவிகள் போதும்.

முதலாவது, எளிய வாசிப்பு, கணக்குச் சோதனை. பிரதம் அமைப்பின் 'அசர்' கணக்கெடுப்பு பின்பற்றும் முறை இதற்கு வசதியானது: எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவிலான பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை என்று படிப்படியாக வாசிக்கச் சொல்வது, கணக்கில் கடன் வாங்கும் இரண்டிலக்கக் கழித்தல், அதன்பின் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துச் செய்தால் பத்து நிமிடம் ஆகும். கவின் கதையை வாசித்துவிடுகிறான், ஆனால் விரல் வைத்து, மெதுவாக. கழித்தல் வருகிறது. வகுத்தலைத் தொடவே இல்லை, பென்சிலைச் சீவிக்கொண்டே இருக்கிறான். ஆகவே "கணக்கு சுத்தமா வரல" என்பது சரியில்லை. வகுத்தலில் நிற்கிறான், அவ்வளவுதான்.

இரண்டாவது கருவி வருகைப் பதிவேடு. மாத முடிவில் சதவீதம் போடத்தான் அதைத் திறக்கிறோம். வராத நாள்களை ஒரு நாள்காட்டியில் வட்டமிட்டுப் பாருங்கள். திங்கள்தோறும் என்றால் வாரக் கடைசியில் ஏதோ இருக்கிறது. மாத ஆரம்பம், திருவிழா, அறுவடை என்று ஒவ்வொரு வடிவமும் ஒரு கேள்வியைத் தரும். கவினின் வட்டங்கள் கிழமைப்படி விழவில்லை. ஐந்தாறு நாளுக்கு ஒன்றாக வருகின்றன. அன்று முழு நாளும் விடுப்பு, மறுநாள் சரியாக வந்துவிடுகிறான். இப்படி ஒழுங்காக வரும் விடுப்பைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாம் படி: பிள்ளையின் உடம்பு

சூழலைத் தேடிப் புறப்படுமுன் கண்ணையும் காதையும் பாருங்கள். கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகையை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லுங்கள். முகம் தெரியாமல் பின்னால் நின்று மெல்லிய குரலில் பேசிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். வாசிப்பில் எழுத்துக்களே தொடர்ந்து குழம்பினால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் சொல்லுங்கள். ப்ரான்ஃபென்ப்ரென்னரும் பிற்காலத்தில், சூழலைப் பேசிப் பேசிக் குழந்தையையே மறந்துவிட்டார்கள் என்று குறைப்பட்டு, தனிநபரின் இயல்புகளையும் தன் மாதிரியில் சேர்த்தார்.

கவினுக்குக் கண், காது நன்றாக இருக்கின்றன. தூக்கம் வருவது முதல் இரண்டு பாடவேளைகளில் மட்டும், மதியம் இல்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: "நேத்து என்ன பண்ணுன, சொல்லு கண்ணு"

வீடு, வகுப்பு, தெரு என்று பிள்ளை நேரடியாக இருக்கும் இடம் ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோ அமைப்பு. இவற்றை அறிய வினாத்தாள் வேண்டாம். "உங்க வீட்ல யார் யார்? அப்பா குடிப்பாரா?" என்று தொடங்கினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அதற்குப் பதில் நேற்று எழுந்தது முதல் தூங்கியது வரை சொல்லச் சொல்லுங்கள். நடுவில் "அப்புறம்?", "அப்ப கூட யார் இருந்தா?" என்ற இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள். பள்ளி நாள் ஒன்று, விடுமுறை நாள் ஒன்று, முடிந்தால் அவன் வராமல் போன நாள் ஒன்று.

கவின் சொன்னது இப்படி. காலையில் அம்மா எட்டு மணிக்குள் கிளம்பிவிடுவார். சோறு மதியத்துக்கு டப்பாவில் போகும்; அவனுக்கு டீயும் வர்க்கியும். பாப்பாவை அங்கன்வாடியில் விட்டுவிட்டுப் பள்ளிக்கு வருவான். சாயங்காலம் பாப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து கூட்டிக்கொள்வான். ஆர்டர் நேரத்தில் அப்பாவும் அம்மாவும் ஒன்றரை ஷிஃப்ட், வீடு வர இரவு ஒன்பதாகும். அதற்குப் பிறகு சமையல், சாப்பாடு, தூக்கம் பதினொன்றுக்கு மேல்.

பள்ளிக்கு வராத நாள்? "அன்னிக்கு தண்ணி வந்துச்சு மிஸ்."

லைன் வீட்டில் பொதுக் குழாய். கதவு எண் வரிசையில் குடம் வைக்க வேண்டும், பெரியவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், முறை வரும்போது ஆள் இல்லாவிட்டால் அடுத்தவர் முறை. அவன் குடங்களை நிரப்பி முடிக்கப் பத்து மணி ஆகிவிடும். சரி, பத்தேகாலுக்கு வந்திருக்கலாமே, ஏன் முழு நாளும் வரவில்லை? "லேட்டா வந்தா கேட்லயே நிக்க வெச்சிருவாங்க."

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். வழக்கமான வட்டப் படத்தில் "குடிநீர்ப் பற்றாக்குறை" என்று வெளி வட்டத்தில் எழுதி முடித்திருப்போம். ஆனால் தண்ணீர் அவனிடமிருந்து பறித்தது ஒன்றேகால் மணி நேரம்தான். மீதி நாளைப் பறித்தது பள்ளி வாசலில் இருக்கும் விதி. தெருவின் நேரமும் பள்ளியின் நேரமும் மோதும் இடத்தில் அவன் மாட்டிக்கொண்டிருக்கிறான்.

நான்காம் படி: வட்டத்தை விட்டு, கோட்டை வரையுங்கள்

ஒரு தாளில் வீடு, பள்ளி, தெரு, அங்கன்வாடி என்று எழுதுங்கள். இரண்டிரண்டாக எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி எப்படிப் போகிறது, யார் கொண்டுபோகிறார், போய்ச் சேருகிறதா என்று கேளுங்கள். நன்றாகப் போனால் முழுக்கோடு. அறுந்து அறுந்து போனால் புள்ளிக்கோடு. மோதினால் குறுக்கே ஒரு வெட்டு. மீசோ அமைப்பு என்று பாடநூல் சொல்வது இந்தக் கோடுகளைத்தான்.

கவினின் தாளில் வீடு-பள்ளிக் கோடு புள்ளிக்கோடு. பெற்றோர் கூட்டம் வேலை நாளில் வைக்கிறார்கள். வந்தால் அம்மாவுக்கு அரை ஷிஃப்ட் கூலி போகும். வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வருகிறது, ஆனால் போன் அப்பாவிடம்; கம்பெனிக்குள் எடுக்கவும் முடியாது. இரவு பத்து மணிக்கு நீளமான எழுத்து அறிவிப்பை வாசிக்க யாருக்கும் தெம்பில்லை. இதைத்தான் ஆசிரியர் அறையில் "கவனிக்கிறதே இல்ல" என்கிறோம்.

இன்னொரு கோடும் உண்டு. அதை வீட்டுக்குப் போனால்தான் பார்க்க முடியும். பக்கத்து வீட்டு அக்கா கம்பெனியிலிருந்து துணி வாங்கிவந்து வீட்டில் பிசிர் வெட்டுகிறவர், பன்னிரண்டாவது வரை படித்தவர். சாயங்காலம் அவர் வாசலில்தான் கவினும் பாப்பாவும் இருப்பார்கள். அடுக்கி வைத்த பனியன்களைப் பார்த்து அவர், "நூத்தி அம்பத்தாறு இருக்கு, எத்தன டஜன் டா?" என்பார். அவன் யோசிக்காமல் "பதிமூணுக்கா" என்பான். எப்படிச் சொன்னாய் என்றால், "பத்து டஜன் நூத்தி இருவது, மீதி முப்பத்தாறு, அது மூணு" என்கிறான். நோட்டில் வகுத்தலைத் தொடாத பையன், வாசலில் 156ஐ 12ஆல் வகுக்கிறான். அவன் செய்தது வகுத்தல்தான் என்று அவனுக்கும் தெரியாது, பள்ளிக்கும் தெரியாது. தெரு-பள்ளிக் கோடு அங்கே இல்லவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. டஜன் கணக்கைச் சொல்வது வேறு, பிசிர் வெட்ட உட்காரவைப்பது வேறு. பிள்ளை காசுக்கு வேலை செய்வதாகத் தெரிந்தால் இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டுத் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், 1098க்கு அழையுங்கள். அடி, பாலியல் தொல்லை போன்றவற்றுக்கும் அப்படியே. அவற்றுக்குக் கோடு வரைந்துகொண்டிருக்கக் கூடாது.

வீட்டுக்குப் போகும்போது புகாரோடு போகாதீர்கள். ஞாயிறு காலை பதினொன்றுக்கு மேல் போங்கள். சனிக்கிழமை சம்பளம் வந்திருக்கும், துணி துவைத்து முடித்திருப்பார்கள். "பையன் டஜன் கணக்கு நல்லாப் போடுறான்" என்று தொடங்கினால் அந்த அம்மாவின் முகமே மாறும். பள்ளிக்கூடத்திலிருந்து நல்ல சேதி வந்து பழக்கமே இல்லாதவர் அவர்.

ஐந்தாம் படி: பிள்ளை கால் வைக்காத இடங்கள்

எக்ஸோ அமைப்பு என்பது பிள்ளை போகாத, ஆனால் பிள்ளையின் நாளை முடிவுசெய்கிற இடம். கவினுக்கு அது பனியன் கம்பெனி. ஏற்றுமதித் தேதி நெருங்கினால் ஒன்றரை ஷிஃப்ட், வீட்டில் சாப்பாடு தள்ளிப்போகிறது, தூக்கம் தள்ளிப்போகிறது, மறுநாள் முதல் பாடவேளையில் தலை சாய்கிறது. இதை உறுதிசெய்வது எளிது. ஒரு மாதம், தூங்கி விழும் நாள்களில் "நேத்து அம்மா எத்தனை மணிக்கு வந்தாங்க?" என்று மட்டும் கேட்டுக் குறியுங்கள்.

மேக்ரோ அமைப்பைச் சட்டம், அரசுக் கொள்கை, சமூக வழக்கம் என்று எழுதிவைப்பார்கள். அதை அப்படி ஆகாயத்தில் விட்டுவிடாமல் பிள்ளையின் தட்டில் தேடுங்கள். தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோது, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்றுதான் வகுக்கப்பட்டது. ஐந்தாவது வரை கவின் பள்ளியில் கிச்சடியும் பொங்கலும் சாப்பிட்டவன். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அது நின்றது. பள்ளி மாறவில்லை, வளாகம் மாறவில்லை. சின்னப் பிள்ளைகள் சாப்பிடும் இடத்தைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறான். காலைத் தூக்கத்தில் பாதி இந்த வர்க்கியின் கணக்கு. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்ற கொள்கையும் இதில் சேரும். அது பிள்ளையைப் பள்ளியில் தங்கவைக்கிறது, நல்லதுதான்; கூடவே வகுத்தல் தெரியாததை ஆறாம் வகுப்பு வரை யாரும் பார்க்காமலும் விடுகிறது.

ஆறாம் படி: காலத்தை எழுதுங்கள்

பிறந்த ஆண்டிலிருந்து ஒரு கோடு இழுத்து, என்ன நடந்தபோது பிள்ளைக்கு என்ன வயது, எந்த வகுப்பு என்று குறியுங்கள். காலத்தைக் குறிக்கும் இந்தக் க்ரோனோ அமைப்பைப் ப்ரான்ஃபென்ப்ரென்னர் பின்னால், 1986இல் சேர்த்தார். கிளென் எல்டர் என்ற சமூகவியலாளரின் ஆய்வு அதற்கு உதவியது. 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சி, அப்போது பதின்வயதில் இருந்த பையன்களைவிடச் சின்ன வயதுப் பையன்களை அதிகம் பாதித்ததாக எல்டர் காட்டினார். அடி ஒன்றுதான், விழுந்த வயது வேறு.

கவின் முதல் வகுப்பில் சேர்ந்தது 2020-21. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் ஒன்றரை ஆண்டு வீட்டில் போனது. விரல் வைத்து வாசிப்பது அங்கிருந்து வருகிறது. நாலாம் வகுப்பின் நடுவில், ஜனவரியில், குடும்பம் திருப்பூர் வந்தது. மாற்றுச் சான்றிதழ் வாங்கி, வீடு பிடித்து, சேர்வதற்குள் மூன்று வாரம் போனது. அந்த வாரங்களில் புதிய பள்ளியில் நீள்வகுத்தல் முடிந்திருந்தது. ஊரில் மாலையில் கூட இருந்து படிக்கச் சொன்ன பாட்டியும் தேனியிலேயே தங்கிவிட்டார்.

ஏழாம் படி: இரண்டு கோடுகளை மட்டும் தொடுங்கள்

இப்போது தாள் நிறைந்திருக்கும். எல்லாவற்றையும் சரிசெய்யப் போனால் இரண்டு வாரத்தில் சோர்ந்துவிடுவீர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி: இது என் கையில் இருக்கிறதா? இதை மாற்றினால் பிள்ளையின் நாளில் அடுத்த வாரமே ஏதாவது மாறுமா? ஷிஃப்ட் உங்கள் கையில் இல்லை. குடிநீர் நாளும் இல்லை. ஆறாம் வகுப்புக்குக் காலை உணவு வேண்டும் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக எழுதி அனுப்பலாம். முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர் என்பதால் அந்தக் குரலுக்கு எடை உண்டு, ஆனால் பலன் இந்த ஆண்டு வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். அதுவரை பத்தே முக்கால் இடைவேளையில் சாப்பிட ஏதாவது கொடுத்துவிட அம்மாவிடம் கேட்கலாம்.

கையில் இருப்பவை இரண்டு. முதலாவது வாசல் விதி. தலைமையாசிரியரிடம் பேசி, தண்ணீர் நாளில் தாமதமாக வந்தால் கேட்டில் நிறுத்தாமல் நேராக வகுப்புக்கு அனுப்ப ஏற்பாடு. கவினுக்கு மட்டும் சலுகை என்று செய்தால் மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள். "தண்ணி நாள்" என்று அந்தத் தெருப் பிள்ளைகள் அனைவருக்கும் செய்யுங்கள். அன்று முதல் வேளையில் புதுப் பாடம் எடுக்காமல், முந்தைய நாள் பாடத்தைப் போடவைக்கலாம். குழுவில் உள்ள உள்ளாட்சி உறுப்பினரிடம் தண்ணீர் விடும் நேரத்தைப் பற்றியும் சொல்லிவையுங்கள், காசா பணமா.

இரண்டாவது, மாலையின் மூன்று மணி நேரம். வளர்ச்சியை நகர்த்தும் விசை என்று ப்ரான்ஃபென்ப்ரென்னர் கடைசிவரை வலியுறுத்தியது, பிள்ளைக்கும் இன்னொருவருக்கும் இடையே அன்றாடம் நடக்கும் பரிமாற்றத்தை. அதற்கு அவர் வைத்த நிபந்தனைகள்: ஒழுங்காக நடக்க வேண்டும், நீண்ட காலம் நடக்க வேண்டும், இருபக்கமும் பங்கிருக்க வேண்டும், போகப்போகக் கடினமாக வேண்டும். ட்யூஷனுக்கு அனுப்பச் சொல்வதைவிட, இந்த நாலும் ஏற்கெனவே எங்கே பாதியாவது இருக்கிறது என்று தேடுங்கள். கவினுக்கு அது அக்காவின் வாசலிலும் பாப்பாவிடமும் இருக்கிறது. நூலகத்திலிருந்து பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் ஒன்று கொடுத்தனுப்பி, தினம் பாப்பாவுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆறாவது படிக்கும் பையனிடம் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைப் படி என்றால் அவமானம், தங்கைக்குப் படித்துக் காட்டு என்றால் அண்ணன் என்ற பொறுப்பு. வாரத்துக்கு வாரம் புத்தகம் கொஞ்சம் கனமாகட்டும். வகுப்பில் டஜன் கணக்கை அவனைக் கொண்டே பலகையில் எழுதவைத்து, "பத்து டஜன் போக மீதி" என்பதன் கீழேயே நீள்வகுத்தலின் வரிகளை எழுதிக் காட்டுங்கள். பிறகு 12ஐ 8ஆக, 7ஆக மாற்றுங்கள்.

வீட்டோடு தொடர்புக்கு, வாரம் ஒருமுறை இரவு ஒன்பதுக்கு மேல் அரை நிமிடக் குரல் பதிவு. அதில் ஒரே ஒரு செய்தி.

எட்டாம் படி: ஆறு வாரம் கழித்து

அதே பதிவேடு, அதே சோதனைத் தாள். தண்ணீர் நாள்களில் முழு விடுப்பு அரைமணி, ஒருமணித் தாமதமாக மாறியிருக்கிறதா? கதையை விரல் இல்லாமல் வாசிக்கிறானா? மூன்றிலக்க வகுத்தலில் முதல் வரியாவது எழுதுகிறானா? விடுப்பு குறைந்து வாசிப்பு அப்படியே இருந்தால், மாலை வாசிப்பு நடக்கவில்லை என்று பொருள். பாப்பாவிடம் கதையைக் கேட்டாலே தெரிந்துவிடும். வாசிப்பு நடந்தும் முன்னேற்றம் இல்லை என்றால் கற்றல் குறைபாடு இருக்கலாம், மறுபடி சிறப்பாசிரியரிடம் போங்கள். இரண்டும் நடந்து மூன்றாம் வாரத்தில் திடீரென்று நின்றிருந்தால் அநேகமாக ஆர்டர் நேரம் வந்திருக்கும், அக்காவுக்கும் வேலை கூடியிருக்கும். அது திட்டத்தின் தோல்வி இல்லை, இரண்டு வாரத்தில் திரும்பத் தொடங்கலாம்.

இந்த முறையின் குறையையும் சொல்லிவிட வேண்டும். எது காரணம் என்று இது நிரூபிக்காது. எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையது என்று சொல்லிவிட்டு எதையும் செய்யாமல் இருக்கவும் இடம் தரும். பல ஆய்வுக் கட்டுரைகள் அப்படித்தான் முடிகின்றன. ஆகவே தாளில் எழுதும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு சான்று கேளுங்கள்: பதிவேட்டில் இருக்கிறதா, பையன் சொன்னானா, நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? மூன்றும் இல்லையென்றால் அது உங்கள் ஊகம், பென்சிலில் எழுதுங்கள்.

திருப்பூரில் வீடு மாறுவது சாதாரணம். கவின் அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்குப் போகக்கூடும். மாற்றுச் சான்றிதழோடு அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள்: வாசிப்பு எங்கே நிற்கிறது, டஜன் வழியாக வகுத்தல் வருகிறது, தங்கைக்கு வாசிக்கிறான், அம்மாவை இரவு ஒன்பதுக்கு மேல் அழைத்தால் கிடைப்பார். குடும்பச் சண்டை, கடன், குடி என்று நீங்கள் கேட்டறிந்தது எதுவும் அதில் வர வேண்டாம். புதிய ஆசிரியருக்கு அது தேவையில்லை, அந்த அம்மாவும் அதை உங்களை நம்பித்தான் சொன்னார்.